முதல் நான்கும் கடைசி ஆறும்

2024 மே 3ஆம் தேதி எத்தீரியத்தில் ஒருவர் தன் சேமிப்பை ஒரு முகவரியிலிருந்து இன்னொரு முகவரிக்கு மாற்றத் தொடங்கினார். தொகை பெரியது என்பதால் அவசரப்படவில்லை. முதலில் 0.05 ஈதரை மட்டும் சோதனைக்காக அனுப்பினார். அது சரியாகப் போய்ச் சேர்ந்தது. பிறகு அன்றைக்கே 1,155 டபிள்யூபிடிசியை அனுப்பினார். எத்தீரியத்தில் பிட்காயினுக்கு ஈடாகப் புழங்கும் டோக்கன் அது. அன்றைய விலையில் அதன் மதிப்பு சுமார் 6.8 கோடி டாலர். அத்தனையும் முன்பின் தெரியாத ஒருவரின் கைக்குப் போனது.

அவருடைய கடவுச்சொல்லை யாரும் திருடவில்லை. அவருடைய கணினிக்குள் யாரும் நுழையவில்லை. பணத்தை அனுப்பியது அவரேதான், கையொப்பமும் அவருடையதுதான். அவர் அனுப்ப நினைத்த முகவரியும் அனுப்பிய முகவரியும் வாலட் திரையில் தெரியக்கூடிய விதத்தை அப்படியே கீழே தருகிறேன். முதல் வரி சரியானது, இரண்டாவது வரி திருடனுடையது.

```
0xd9A1…853a91
0xd9A1…853a91
```

எத்தனை முறை பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது. இரண்டும் வெவ்வேறாக இருப்பது அந்த மூன்று புள்ளிகள் மறைத்திருக்கும் முப்பது எழுத்துகளில்தான். இந்த மோசடிக்கு 'அட்ரஸ் பாய்சனிங்', அதாவது முகவரியில் நஞ்சு கலப்பது என்று பெயர். சோதனைத் தொகை அனுப்பிப் பார்க்கும் கவனமான மனிதர்களே இதில் அதிகம் மாட்டக்கூடியவர்கள். அது ஏன் என்று புரிய, முகவரி எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எத்தீரியத்தில் கணக்கு தொடங்க எந்த அலுவலகத்திலும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை. வாலட் மென்பொருள் ஒரு மாபெரும் எண்ணைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடுக்கிறது. அதுதான் ரகசியச் சாவி. அதிலிருந்து கணக்குப் போட்டு ஒரு பொதுச் சாவியை உண்டாக்குகிறது. பொதுச் சாவியைக் கெச்சாக்-256 என்ற சூத்திரத்தில் போட்டு அரைத்து, வரும் விடையின் கடைசி 20 பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. அதுதான் முகவரி. 0 முதல் 9 வரையிலான எண்களும் a முதல் f வரையிலான எழுத்துகளும் கலந்து 40 இடங்கள் கொண்டதாக எழுதப்படுகிறது. முன்னால் நிற்கும் 0x வெறும் அடையாளக் குறி. சாவியிலிருந்து முகவரிக்கு வரலாம், முகவரியிலிருந்து சாவிக்குத் திரும்பிப் போக வழியில்லை. ஆகவே, உங்கள் முகவரியைப் பார்த்து உங்கள் சாவியை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த அளவில் கணிதம் உறுதியாகத்தான் நிற்கிறது.

ஆனால், திருடனுக்கு உங்கள் சாவி தேவையில்லை. உங்கள் முகவரியைப் போலத் தோன்றும் வேறொரு முகவரியும் அதற்கான சாவியும் கிடைத்தால் போதும். சாவிகளை ஒன்றன்பின் ஒன்றாக உண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் வரும் முகவரியின் தலையையும் வாலையும் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். தங்களுக்குப் பிடித்த எழுத்துகளில் தொடங்கும் முகவரி வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்காக இந்த வேலையைச் செய்யும் மென்பொருள்கள் பல ஆண்டுகளாகவே இலவசமாகக் கிடைக்கின்றன. விளையாட்டுக் கணினிகளில் இருக்கும் கிராஃபிக்ஸ் அட்டையில் அவை ஓடும். நல்ல அட்டை ஒன்று நொடிக்கு 50 கோடி முகவரிகளைச் சோதிக்கும் என்று வைத்துக்கொள்வோம். இன்றைய அட்டைகளுக்கு அது எட்டாத வேகமும் இல்லை.

ஒரு இடத்தில் 16 குறிகளில் ஏதாவது ஒன்று வரலாம். முன்னால் நான்கு, பின்னால் நான்கு என்று எட்டு இடங்கள் பொருந்த வேண்டுமானால், சராசரியாக 16-ஐ எட்டு முறை பெருக்கிய அளவுக்கு, அதாவது சுமார் 430 கோடி முகவரிகளைச் சோதிக்க வேண்டும். அந்த அட்டைக்கு அது ஒன்பது நொடி வேலை. மே 3 சம்பவத்தைப் போல நான்கும் ஆறுமாகப் பத்து இடங்கள் பொருந்த வேண்டுமானால், தேவை 1.1 லட்சம் கோடி சோதனைகள். ஒரே அட்டையில் ஏறக்குறைய 37 நிமிடம். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடும் பொருந்த வேண்டும் என்றால் இன்னும் சில மடங்கு கூடும். வரிசையாகப் பல அட்டைகளை மாட்டி வைத்திருப்பவருக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. இருபது இடங்கள் பொருந்த வேண்டும் என்றால் அதே அட்டைக்கு ஏழரைக் கோடி ஆண்டுகள் ஆகும். எண்ணிப் பாருங்கள். முழு முகவரியையும் போலியாகச் செய்ய முடியாது, பாதியைக்கூட முடியாது. திரையில் நமக்குக் காட்டப்படும் பகுதியை மட்டும் நொடிக் கணக்கில் செய்துவிடலாம்.

போலி முகவரி தயார். அதை உங்கள் கண்ணில் படும்படி எங்கே வைப்பது? வாலட்டில் நாம் அடிக்கடி பார்க்கும் பக்கம் ஒன்று உண்டு: பழைய பரிமாற்றங்களின் பட்டியல். 40 எழுத்துகளை யாரும் மனப்பாடம் செய்வதில்லை. போன தடவை அனுப்பிய வரியைத் தேடி, அதிலிருந்து முகவரியை நகலெடுத்து, அனுப்பும் இடத்தில் ஒட்டுவதுதான் பெரும்பாலோரின் பழக்கம். வங்கி பாஸ்புக்கில் வங்கி மட்டுமே பதிய முடியும். பிளாக்செயினில் உங்கள் கணக்கின் பாஸ்புக்கில் ஊர் பேர் தெரியாத எவரும் ஒரு வரியை எழுதிவிட்டுப் போகலாம். உங்களுக்குப் பணம் அனுப்ப உங்கள் அனுமதி தேவையில்லை என்பதால் இது தவிர்க்க முடியாத விஷயம். அந்த வரியில் 'யாரிடமிருந்து' என்ற இடத்தில் போலி முகவரி உட்கார்ந்திருக்கும்.

மே 3 அன்று நடந்தது அதுவேதான். பிளாக்செயினில் எல்லாப் பரிமாற்றங்களும் எல்லோருக்கும் தெரியும். 0.05 ஈதர் சென்றதைத் திருடனின் நிரல் பார்த்தது. அது எந்த முகவரிக்குச் சென்றது என்பதையும் பார்த்தது. சில நிமிடங்களில், அதே தலையும் வாலும் கொண்ட போலி முகவரியிலிருந்து மதிப்பே இல்லாத ஒரு பரிமாற்றம் பாதிக்கப்பட்டவரின் கணக்கில் வந்து விழுந்தது. பட்டியலில் அதுதான் புதியது, ஆகவே மேலே நின்றது. சோதனைத் தொகை போய்ச் சேர்ந்துவிட்டது என்ற நிம்மதியோடு பட்டியலைத் திறக்கிறவரின் கை எந்த வரிக்குப் போகும்?

சோதனைப் பரிமாற்றத்தைப் பற்றி இங்கே நின்று யோசிக்க வேண்டும். பெரிய தொகைக்கு முன்னால் சிறிய தொகை அனுப்பிப் பார் என்று அனுபவசாலிகள் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறான எழுத்தைத் தட்டிவிடுவது, தவறான நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பது போன்ற சொந்தப் பிழைகளுக்கு அது நல்ல மருந்து. ஆனால், இந்த மோசடியில் சோதனைத் தொகைதான் அழைப்பு மணி. ஒரு பணக்காரக் கணக்கு இதுவரை தொடர்பில்லாத முகவரிக்கு ஒரு சிறு தொகையை அனுப்புகிறது என்றால், பின்னால் பெரிய தொகை வரப்போகிறது என்று அர்த்தம். அதற்காகவே நிரல்கள் இரவும் பகலும் காத்திருக்கின்றன. 2025 டிசம்பரில் இன்னொருவர் 50 யுஎஸ்டிடி அனுப்பிச் சோதித்தார். அரை மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 5 கோடி யுஎஸ்டிடியைப் போலி முகவரிக்கு அனுப்பிவிட்டார். அதே கதை, வரிக்கு வரி.

சோதனை எதை நிரூபிக்கிறது என்று பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். முதல் தடவை ஒட்டிய முகவரி சரி என்பதை மட்டுமே அது நிரூபிக்கிறது. இரண்டாவது தடவை முகவரியை வேறு இடத்திலிருந்து எடுத்தால் அந்த நிரூபணம் செல்லாது. முதலில் எடுத்த அதே மூலத்திலிருந்து, பெறுபவர் கொடுத்த செய்தியிலிருந்தோ தன் இன்னொரு வாலட்டின் 'பெறுக' பக்கத்திலிருந்தோ, மறுபடியும் எடுத்தால்தான் சோதனைக்குப் பொருள் உண்டு.

நஞ்சு கலக்கும் வழிகள் நாளாக நாளாக மாறி வந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று அறிவியல் நோக்கில் மிகவும் சுவையானது. 2022 இறுதியில் பலருடைய பட்டியலில் விசித்திரமான வரிகள் தோன்றின. அவர்களே தங்கள் கணக்கிலிருந்து ஏதோ ஒரு முகவரிக்கு 0 யுஎஸ்டிடி அனுப்பியதாக அவை காட்டின. அவர்கள் எதையும் அனுப்பவில்லை, எதிலும் கையொப்பமிடவில்லை. சாவி திருடு போய்விட்டதோ என்று பலர் பதறினார்கள். சாவி பத்திரமாகத்தான் இருந்தது. எத்தீரியத்தின் டோக்கன்கள் பின்பற்றும் பொது விதிமுறையில் `transferFrom` என்று ஒரு கட்டளை உண்டு. ஒருவர் அனுமதித்திருக்கும் அளவுக்குள் அவருடைய டோக்கனை இன்னொருவர் எடுத்து வேறிடத்துக்கு அனுப்ப உதவுவது அது. அனுமதித்த அளவு போதுமா என்று ஒப்பந்த நிரல் சரிபார்க்கும்.

```
transferFrom(from, to, 0)
```

நீங்கள் யாருக்கும் அனுமதி கொடுக்காவிட்டால் அனுமதி அளவு பூஜ்யம். கேட்கப்படும் தொகையும் பூஜ்யம். பூஜ்யம் பூஜ்யத்தைவிடப் பெரிதில்லை, ஆகவே சோதனை தேறிவிடுகிறது. பூஜ்யத் தொகையையும் வழக்கமான பரிமாற்றமாகவே கருதிப் பதிவு செய்ய வேண்டும் என்று விதிமுறையும் சொல்கிறது. ஆகவே, `from` என்ற இடத்தில் உங்கள் முகவரியையும் `to` என்ற இடத்தில் போலி முகவரியையும் போட்டு எவர் வேண்டுமானாலும் இந்தக் கட்டளையை ஓடவிடலாம். உங்கள் காசு ஒன்றும் நகராது. ஆனால், நீங்கள் அந்தப் போலி முகவரிக்கு முன்பே அனுப்பியிருப்பதாக நிரந்தரமான ஒரு வரி எழுதப்பட்டுவிடும். வரும் பரிமாற்றத்தைச் சந்தேகிப்பவர்கூடத் தான் அனுப்பியதாகக் காட்டும் வரியை எளிதில் நம்பிவிடுவார். விதியை எழுதியவர்கள் தவறு செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. அந்த வரியைப் பின்னாளில் மனிதக் கண் படித்து, அதை நம்பி ஒரு முடிவெடுக்கும் என்பது அந்தக் கணக்கில் சேரவில்லை.

பூஜ்யப் பரிமாற்றங்களை எத்தர்ஸ்கேன் போன்ற தளங்கள் 2023இல் பட்டியலிலிருந்து மறைக்கத் தொடங்கின. திருடர்கள் அடுத்த வழிக்குப் போனார்கள். யுஎஸ்டிடி என்றே பெயரிட்ட போலி டோக்கனை உருவாக்கி, நீங்கள் சற்றுமுன் அனுப்பிய அதே தொகையைப் போலி முகவரிக்கு அனுப்பியதாக அதில் எழுதவைப்பது ஒன்று. டோக்கனே அவர்களுடையது என்பதால் அதில் எந்தப் பொய்யையும் பதிவிடலாம். உண்மையான டோக்கனிலேயே சில காசுகள் அளவுக்கு அனுப்பி, மறைக்கும் விதிகளிலிருந்து தப்புவது இன்னொன்று. கொஞ்சம் செலவாகும், ஆனால் அது உண்மையான பரிமாற்றம் என்பதால் வடிகட்டுவது கடினம்.

செலவைத் தாங்கிக்கொண்டு இதைச் செய்கிறார்கள் என்றால் வரவு இருக்கத்தான் வேண்டும். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022 ஜூலை முதல் 2024 ஜூன் வரை எத்தீரியத்திலும் பிஎன்பி செயினிலும் நடந்தவற்றைத் தோண்டிப் பார்த்தார்கள். 27 கோடி முயற்சிகள், 1.7 கோடி இலக்குகள். அவற்றில் பலித்தவை 6,633. அதாவது, ஏறக்குறைய 40,000 முயற்சிக்கு ஒன்று. பலித்த அந்த 6,633இல் கிடைத்த மொத்தம் குறைந்தது 8.38 கோடி டாலர். ஒரே ஆளைக் குறிவைத்து ஒன்றுக்கும் மேற்பட்ட கும்பல்கள் போட்டி போட்டுக்கொண்டு நஞ்சு கலப்பதையும் அவர்கள் கண்டார்கள். நாம் சின்ன ஆள், நம்மை யார் குறிவைக்கப் போகிறார்கள் என்ற நினைப்புக்கு இங்கே இடமில்லை. குறிவைப்பது நிரல். அதற்கு எல்லாக் கணக்கும் ஒரு வரிதான்.

முகவரியைச் சுருக்கிக் காட்டும் வழக்கம் எப்படி வந்தது என்பது எல்லோருக்கும் புரியும். கைப்பேசித் திரை குறுகலானது, 40 எழுத்துகளும் வந்தால் அசிங்கமாக இருக்கும். ஆனால், மோசடி இவ்வளவு பரவிய பின்னும் முழு முகவரியைக் காட்டாமல் நான்கும் நான்குமாக நறுக்கிக் காட்டும் வாலட்டைப் பயனரின் கவனக்குறைவின் பேரால் மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்பது நொடியில் போலி செய்யக்கூடிய ஒன்றை அடையாளமாகக் காட்டிவிட்டு, நன்றாகப் பார்த்து அனுப்பியிருக்க வேண்டும் என்று பறிகொடுத்தவரிடம் சொல்வது நியாயமில்லை. அனுப்புமுன் உறுதிசெய்யும் திரையில் மட்டுமாவது 40 எழுத்துகளையும் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டலாம். இதுவரை ஒருமுறைகூட அனுப்பாத முகவரி என்றால் எச்சரிக்கலாம். முன்பு அனுப்பிய ஒரு முகவரியின் தலையும் வாலும் மட்டும் ஒத்துப்போய் நடு வேறாக இருந்தால் பரிமாற்றத்தையே நிறுத்திக் கேட்கலாம். சில வாலட்டுகள் இவற்றைச் செய்யத் தொடங்கியிருக்கின்றன. அப்படி ஒப்பிட்டுப் பார்ப்பது நிரலுக்குச் சில வரி வேலைதான்.

இதுவரை சொன்னதில் வாலட் உண்மையானது. அது காட்டியதும் அரைகுறையான உண்மை. வாலட்டே பொய்யாக இருந்தால் நிலைமை வேறு மாதிரி. பிளாக்செயினை யாரும் நேரே பார்ப்பதில்லை, ஏதோ ஒரு திரை வழியாகத்தான் பார்க்கிறோம். அந்தத் திரை திருடன் எழுதியது என்றால், அவன் எதைக் காட்டுகிறானோ அதுதான் நமக்குத் தெரியும்.

இதில் மிக எளிமையான வகையை 2019இல் கூகுள் பிளேயில் கண்டார்கள். ஸ்லோவாக்கியாவைச் சேர்ந்த ஈசெட் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்த அந்தச் செயலியின் பெயர் காயின் வாலட். ஆயிரம் பேருக்கு மேல் இறக்கியிருந்தார்கள். எந்தக் காயின் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தால், உங்களுக்கென்று ஒரு முகவரியை உருவாக்கித் தருவதாகச் சொல்லி ஒரு முகவரியைக் காட்டும். அந்த முகவரி உண்மையில் செயலியை எழுதியவருடையது. உருவாக்குவது என்ற பேச்சே பொய், முன்பே நிரலில் எழுதி வைத்திருந்ததை எடுத்துக் காட்டியது, அவ்வளவுதான். வேறு இடத்தில் இருக்கும் தன் காயின்களைப் புது வாலட்டுக்கு மாற்றுகிறோம் என்று நினைத்து அனுப்புகிறவர் நேரே திருடனுக்கு அனுப்புகிறார். இந்த வகையைக் கண்டுபிடிப்பது கடினமில்லை. உண்மையான வாலட் ரகசியச் சாவியை உங்கள் கருவியிலேயே உண்டாக்கி, அதை எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லும். இது சொல்லாது, ஏனென்றால் கொடுப்பதற்கு அதனிடம் சாவி இல்லை. புதிதாகப் பிறந்த முகவரியைப் பிளாக்செயின் தேடல் தளத்தில் போட்டுப் பார்த்தால் எந்தப் பரிமாற்றமும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே பலரிடமிருந்து பணம் வந்து வெளியேறிய சுவடு இருந்தால், அது உங்கள் முகவரி இல்லை.

அதே ஆண்டு பிப்ரவரியில் ஈசெட் இன்னொன்றைக் கண்டது. மெட்டாமாஸ்க்கின் பெயரில் கூகுள் பிளேயில் இருந்த செயலி அது. மெட்டாமாஸ்க் அப்போது கைப்பேசிச் செயலியே வெளியிட்டிருக்கவில்லை. அந்தப் போலி, கைப்பேசியின் கிளிப்போர்டைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் நகலெடுத்த ஒன்று கிரிப்டோ முகவரி போலத் தெரிந்தால், ஒட்டுவதற்குள் அதைத் தன் முதலாளியின் முகவரியாக மாற்றிவிடும். நகலெடுத்தது சரியான முகவரி, ஒட்டியது வேறு. ஒட்டிய பிறகு முகவரியை மறுபடி ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

பிற்காலப் போலிச் செயலிகள் முகவரியை விட்டுவிட்டு நேரே வேருக்குப் போகின்றன. இன்றைய வாலட்டுகள் ரகசியச் சாவியை எண்ணாகக் காட்டுவதில்லை. 2,048 எளிய ஆங்கிலச் சொற்கள் கொண்ட நிலையான பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களை வரிசையாகத் தருகின்றன. இதை சீட் ஃபிரேஸ் என்கிறார்கள். அந்த வரிசையிலிருந்து அந்த வாலட்டின் எல்லாச் சாவிகளையும் எல்லா முகவரிகளையும் மறுபடி வருவிக்க முடியும். கைப்பேசி தொலைந்தாலும் பணம் தொலையாது என்பது அதன் வசதி. அந்தச் சொற்கள் தெரிந்தவர் யாராக இருந்தாலும் அவர்தான் உரிமையாளர் என்பது அதன் மறுபக்கம்.

செக் குடியரசில் உருவான ட்ரெஸர் என்ற வன்பொருள் வாலட்டின் கதையைப் பாருங்கள். அதன் பாதுகாப்பு முழுவதும் ஒரே விஷயத்தில் நிற்கிறது: சாவி அந்தச் சிறு கருவியைவிட்டு வெளியே வராது. 2021 தொடக்கத்தில் ஆப்பிளின் ஆப் ஸ்டோரில் அதே பெயரும் அதே பூட்டுச் சின்னமும் கொண்ட செயலி ஒன்று இருந்தது. ட்ரெஸர் அப்போது ஐபோனுக்கென்று எந்தச் செயலியும் வெளியிட்டிருக்கவில்லை. தன் இருப்பைப் பார்க்க விரும்பிய ஒருவர் அதை இறக்கினார். அது சீட் ஃபிரேஸைக் கேட்டது, அவர் தட்டினார். 17 பிட்காயினுக்கு மேல் போய்விட்டது. வாஷிங்டன் போஸ்ட் இதை விசாரித்து எழுதியபோது ஆப்பிள் சொன்ன விளக்கம் முக்கியமானது. கோப்புகளையும் கடவுச்சொற்களையும் பூட்டி வைக்கும் செயலி என்று சொல்லித்தான் அது அனுமதி வாங்கியது. உள்ளே வந்த பிறகு கிரிப்டோ வாலட்டாகத் தன்னை மாற்றிக்கொண்டது. கடையின் வாசலில் சோதித்தது ஒன்று, வாங்கியவர் கையில் இருந்தது வேறொன்று. அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள் என்ற அறிவுரை தேவையானதுதான், போதுமானது இல்லை.

2022இல் ஈசெட் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தரக்கூடியது. மெட்டாமாஸ்க், டிரஸ்ட் வாலட், காயின்பேஸ், இம்டோக்கன் போன்ற உண்மையான வாலட்டுகளின் நிரலையே எடுத்து, அதில் சில வரிகளை மட்டும் செருகியிருந்தார்கள். நாற்பதுக்கும் மேற்பட்ட போலி இணையதளங்கள் வழியாக அவை பரவின. அந்தச் செயலிகள் எல்லா வேலையையும் ஒழுங்காகச் செய்தன. முகவரி சரி, இருப்பு சரி, பணம் அனுப்பினால் சரியான இடத்துக்குப் போகும். சீட் ஃபிரேஸ் உருவாகும் அல்லது உள்ளிடப்படும் அந்த ஒரு நொடியில் மட்டும், அதன் நகல் திருடனின் சர்வருக்குப் போய்விடும். சிலவற்றில் அது மறையாக்கம்கூட இல்லாமல் போனது, வழியில் கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு திருடனும் எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலை. பயன்படுத்திப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. பார்க்கக்கூடிய அடையாளம் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டில் ஒவ்வொரு செயலியிலும் அதை உருவாக்கியவரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறது. உண்மையான செயலி ஏற்கெனவே இருக்கும் கைப்பேசியில், வேறு கையொப்பம் கொண்ட போலியை அதன்மேல் நிறுவ முடியாது. ஆகவே, அந்தக் கும்பல் முதன்முதலாக வாலட் நிறுவ வருகிற புதியவர்களையே குறிவைத்தது. ஐபோனில் இந்தத் தடை இல்லாததால் உண்மையும் போலியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடிந்தது.

இனி, கையில் வாலட் வைத்திருப்பவர் செய்யக்கூடியவை. பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுக்கும் பழக்கத்தை அடியோடு விட வேண்டும். அடிக்கடி அனுப்பும் முகவரிகளை, பெறுபவரிடம் வேறு வழியில் ஒருமுறை முழுதாகச் சரிபார்த்து, வாலட்டின் முகவரிப் புத்தகத்தில் பெயரிட்டுச் சேமித்து வைக்கலாம். புதிய முகவரி என்றால் நடுப்பகுதியைப் பாருங்கள். தலையும் வாலும் போலி செய்யப்படும் இடங்கள் என்று தெரிந்த பிறகு, நடுவில் ஏதாவது ஆறு எழுத்துகளை ஒப்பிடுவது ஓரங்களை ஒப்பிடுவதைவிடப் பயன் தரும், முழுவதையும் ஒப்பிடுவது அதைவிட நல்லது. வன்பொருள் வாலட் இருந்தால் கணினித் திரையை விட்டுவிட்டு அந்தச் சிறு திரையில் வரும் முகவரியைப் படித்து அனுமதியுங்கள். வாலட் செயலியைத் தேடல் விளம்பரத்திலிருந்தும் நண்பர் அனுப்பிய இணைப்பிலிருந்தும் நிறுவாமல், அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் தளத்துக்குப் போய், அங்கே இருக்கும் இணைப்பின் வழியாகவே கடைக்குச் செல்லுங்கள். வன்பொருள் வாலட்டின் சீட் ஃபிரேஸைக் கைப்பேசியிலோ கணினியிலோ தட்டச்சு செய்யச் சொல்லும் செயலியை, அதன் பெயர் எதுவாக இருந்தாலும், அங்கேயே மூடிவிடுங்கள்.

ஏற்கெனவே தட்டியாகிவிட்டது, பணம் இன்னும் போகவில்லை என்றால் கடவுச்சொல்லை மாற்றுவதாலும் செயலியை நீக்குவதாலும் பயனில்லை. அந்தச் சொற்கள் திருடனிடம் இருக்கின்றன, அவற்றை மாற்ற முடியாது. வேறு ஒரு நம்பகமான கருவியில் புதிய சீட் ஃபிரேஸோடு புதிய வாலட்டை உண்டாக்கி, இருக்கும் எல்லாவற்றையும் அங்கே உடனே நகர்த்த வேண்டும். இங்கே நிமிடங்கள் கணக்கு.

பணம் போலி முகவரிக்குப் போய்விட்டால் பிளாக்செயினில் அதைத் திரும்பப் பெறும் பொத்தான் எதுவும் இல்லை. என்ன நடக்கும் என்பது, போனது எந்தக் காயின் என்பதைப் பொறுத்தது. 2023 ஆகஸ்ட் 1 அன்று ஒருவர் பூஜ்யப் பரிமாற்ற வலையில் விழுந்து 2 கோடி யுஎஸ்டிடியைப் போலி முகவரிக்கு அனுப்பினார். யுஎஸ்டிடியை வெளியிடும் டெதர் நிறுவனத்துக்கு எந்த முகவரியையும் முடக்கும் அதிகாரம் உண்டு. திருடன் அசைவதற்குள் அது அந்த முகவரியை முடக்கியது. 2025 டிசம்பரில் பறித்தவன் அந்த அவகாசத்தைக் கொடுக்கவில்லை. யுஎஸ்டிடியை, யாராலும் முடக்க முடியாத டாய் டோக்கனாக உடனே மாற்றி, அதிலிருந்து ஈதராக்கி, தடயத்தைக் கலைக்கும் டொர்னாடோ கேஷுக்குள் செலுத்தினான். 2024 மே மாதத்தில் 1,155 டபிள்யூபிடிசியும் ஈதராகத்தான் மாறின. அதில் பறிகொடுத்தவர், பிளாக்செயினிலேயே பரிமாற்றத்தோடு செய்தி அனுப்பி, 10 சதவீதத்தை வைத்துக்கொண்டு மீதியைத் தரும்படி திருடனிடம் பேரம் பேசினார். ஆய்வு நிறுவனங்களும் சுவடுகளைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தன. ஏறக்குறைய ஒரு வாரத்தில் பணத்தின் பெரும்பகுதி திரும்பி வந்தது. இப்படித் திரும்புவது அரிதிலும் அரிது. அனுப்பியது யுஎஸ்டிடியோ யுஎஸ்டிசியோ என்றால், திருடன் அதை வேறொன்றாக மாற்றுவதற்குள் வெளியிட்ட நிறுவனத்துக்கும், உங்கள் எக்ஸ்சேஞ்சுக்கும், சைபர் குற்றப் பிரிவுக்கும் பரிமாற்ற எண்ணோடு தகவல் கொடுத்துவிட வேண்டும். காத்திருந்து பார்க்கலாம் என்று விடும் ஒவ்வொரு மணி நேரமும் அவனுக்குப் போகிறது.